மக்குலாத் தேய்வு: ஒரு கண்ணுக்கு ஊசி, மற்றக் கண்ணுக்குக் கட்டத் தாள், ஏன்?

கேள்வி: "அம்மாவுக்கு 74 வயது, உப்புவெளியில் எங்களோடு இருக்கிறா. இரண்டு கண்ணிலும் மக்குலாத் தேய்வாம். வலது கண் உலர் வகை, இடது கண் ஈர வகை என்று டொக்டர் சொன்னார். இடது கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி போட வேண்டும், வலது கண்ணை வீட்டில் கட்டம் போட்ட தாளில் பார்க்க வேண்டும் என்கிறார். கண்ணுக்குள் ஊசி என்றதும் அம்மா மாட்டேன் என்று நிற்கிறா. போட்டால் பார்வை திரும்புமா? எத்தனை காலத்துக்குப் போடுவது? வலது கண்ணுக்கும் இப்போதே போட்டு வைத்தால் என்ன?"

முதலில் ஊசிக்கு நாள் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலர் வகை வருடக் கணக்கில் மெதுவாக நகரும். ஈர வகை கிழமைக் கணக்கில் நகரும், சில வேளை ஒரே நாளில் இரத்தம் கசிந்து பார்வையை இறக்கிவிடும். கண் கிளினிக்கில் வேலை செய்த காலத்தில் நான் கண்ட இழப்புகளில் பெரும்பகுதி, "பெருநாள் முடியட்டும்", "மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும்" என்று தள்ளிப்போட்டதால் வந்தவை.

விழித்திரையின் நடுவில் சுமார் ஐந்தரை மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கும் இடம்தான் மக்குலா. வாசிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அதற்குக் கீழே ஒரு மெல்லிய படை உண்டு. பார்வைக் கலங்களுக்குச் சாப்பாடு கொடுப்பதும் அவற்றின் கழிவை அகற்றுவதும் அந்தப் படைதான். வயது போகப் போக அந்த வேலை தளர்ந்து, கழிவு மஞ்சள் புள்ளிகளாகப் படியத் தொடங்கும். அந்தப் புள்ளிகளை டொக்டர்மார் ட்ரூசன் என்பார்கள். இதுதான் உலர் வகை. அம்மாவின் இரண்டு கண்ணிலும் ஆரம்பித்தது இதுதான். பலருக்கு அது அந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

சிலருக்கு மட்டும், அந்தப் படைக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்ப் பகுதியிலிருந்து புதிய குழாய்கள் முளைத்து மேலே வரும். முற்றத்து மரத்தின் வேர் சீமெந்துத் தரையைக் கீழிருந்து தூக்கி வெடிக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் நடப்பதும் அதுதான். இந்தக் குழாய்களின் சுவர் உறுதியில்லாதது. அதனால் நீர் கசியும், இரத்தமும் கசியும். மேலே இருக்கும் மக்குலா மேடு பள்ளமாகும். நேரான கதவு நிலை வளைந்து தெரிவது அதனால்தான். கசிவை அப்படியே விட்டால் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பான பிறகு எந்த ஊசியும் அதைப் பார்க்கிற இடமாக மாற்றித் தராது. மக்குலாத் தேய்வு உள்ளவர்களில் ஈர வகைக்காரர் சிறுபான்மைதான். ஆனாலும் ஊசி வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோயால் கடுமையாகப் பார்வை போனவர்களில் பெரும்பாலானோர் ஈர வகைக்காரர்தான்.

வலது கண்ணுக்கும் இப்போதே போட்டு வைக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. முளைக்கும் குழாய்க்கு "வளர், கசி" என்று சொல்லும் ஒரு புரதம் உண்டு. வெஜெஃப் என்பார்கள். ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து மடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். உலர் கண்ணில் புதிய குழாயும் இல்லை, கசிவும் இல்லை. அங்கே மருந்துக்கு வேலையே கிடையாது, ஊசியின் ஆபத்து மட்டும் மிஞ்சும். உலர் வகையின் கடைசிக் கட்டத்துக்கென்று வேறு இரண்டு ஊசி மருந்துகளை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. அவையும் சிதைவு பரவும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பவையே தவிரப் பார்வையைத் திருப்புபவை அல்ல. இணையத்தில் "உலர் வகைக்கும் ஊசி வந்துவிட்டது" என்று வாசித்துவிட்டு அம்மாவின் டொக்டர் ஏதோ மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஊசி. அம்மாவின் பயம் கருவிழிக்கு நேரே ஊசி வருகிறது என்பதாகத்தான் இருக்கும். கேட்கிற எல்லோருடைய மனதிலும் அந்தப் படம்தான் இருக்கிறது. நடப்பது வேறு. முதலில் கண்ணில் மரக்கும் சொட்டு மருந்தைச் சில தடவை விடுவார்கள். பிறகு இமையையும் கண்ணையும் மண்ணிறமான அயடின் திரவத்தால் கழுவுவார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு சிறிய கம்பிக் கவ்வி வைப்பார்கள். அம்மாவை ஒரு பக்கமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, மறு பக்கத்து வெள்ளை விழியில், கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீற்றர் தள்ளி அளவெடுத்து ஊசியை விடுவார்கள். அந்த இடத்தைத் தெரிவு செய்வதற்குக் காரணம், அங்கே முன்னால் வில்லையும் இல்லை, பின்னால் விழித்திரையும் இல்லை. ஊசி மிக மெல்லியது. உள்ளே போகும் மருந்து 0.05 மில்லிலீற்றர், ஒரு பெரிய துளி அளவு. குத்தி எடுக்கச் சில விநாடி. ஆயத்தம்தான் நேரம் எடுக்கும். பெரும்பாலானோர் "ஒரு அழுத்தம் தெரிந்தது" என்றுதான் சொல்வார்கள். எடுத்தவுடன் டொக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். கண்ணுக்குள் அழுத்தம் கூடவில்லை, பார்வை நிற்கிறது என்று பார்க்கவே அந்தக் கேள்வி.

கைநரம்பில் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்குள் போடும்போது இத்தனை சிறிய அளவு போதும், உடம்பின் மற்ற இடங்களுக்கு மிகக் குறைவாகவே போகும். அதனால்தான் நேராகக் கண்ணுக்குள். ஆனாலும் அம்மாவுக்கு அண்மையில் பாரிசவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணில் பீளை, இமையில் கட்டி இருந்தாலும் சொல்லுங்கள். அன்றைய ஊசியைத் தள்ளிவைக்க வேண்டி வரலாம்.

மருந்தின் பெயரையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு போனில் தேடிப் பார்த்துப் பயப்படக் கூடாது. அவாஸ்டின் என்ற பெவாசிசுமாப், புற்றுநோய்க்காக வந்த மருந்து. "அம்மாவுக்குக் கான்சர் மருந்து போடுகிறார்கள்" என்று ஒரு குடும்பமே அழுதுகொண்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். புற்றுநோய்க்குப் போடும் அளவில் மிகச் சிறிய பங்கு, 1.25 மில்லிகிராம், கண்ணுக்குள் போடப்படுகிறது. கண்ணுக்கென்றே செய்த ரனிபிசுமாபோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. ஒரு வருட முடிவில் இரண்டும் பார்வையைக் காப்பதில் சமமாகவே இருந்தன, விலையில்தான் பெரிய வித்தியாசம். அவாஸ்டின் பெரிய குப்பியிலிருந்து சிறு சிறு ஊசிகளாகப் பிரிக்கப்படும் மருந்து. ஆகவே அந்தப் பிரிப்பு சுத்தமாக நடக்கும் இடத்தில் போட வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் போன்ற பிந்திய மருந்துகள் சிலருக்கு ஊசிக்கும் ஊசிக்கும் இடையிலான காலத்தைக் கூட்டித் தரும். விலை அதிகமான மருந்துதான் நல்ல மருந்து என்று கடன் படாதீர்கள். நாள் தவறாமல் போட்ட மலிவான மருந்து, பாதியில் விட்ட விலையான மருந்தைவிட நிச்சயம் மேல்.

பார்வை திரும்புமா என்றதற்கு நேர்மையான பதில் இப்படித்தான். ரனிபிசுமாபை மாதாமாதம் போட்டுப் பார்த்த, 2006இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருட முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரிய இழப்பில்லாமல் பார்வையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மூன்றில் ஒருவர் அளவில் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையில் மூன்று வரி கூடுதலாக வாசித்தார்கள். அதாவது பலருக்கு இருப்பது நிற்கும், சிலருக்குக் கூடும். இழந்தது முழுவதும் திரும்பும் என்று யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, தழும்பு எவ்வளவு குறைவோ, அதைப் பொறுத்துத்தான் மீட்சி.

எத்தனை காலம் என்பதற்கும் அந்த வேரை வைத்தே சொல்லலாம். மருந்து வேரைப் பிடுங்குவதில்லை, வாட வைக்கிறது. சில கிழமைகளில் மருந்து கண்ணிலிருந்து வடிந்துபோக, வேர் மறுபடி துளிர்க்கலாம். வழக்கமாக முதல் மூன்று ஊசி மாதம் ஒன்றாகப் போகும். பிறகு ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அது கண்ணைத் தொடாமல் விழித்திரையைக் குறுக்கு வெட்டாகக் காட்டும் படம். நீர் இருந்தால் கறுப்புப் பைகளாகத் தெரியும். நீர் வற்றியிருந்தால் இடைவெளியை இரண்டிரண்டு கிழமையாகக் கூட்டிப் பார்ப்பார்கள்.

மூதூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய கதையைச் சொன்னால் இது விளங்கும். அவருடைய இடது கண்ணில் முன்பே தழும்பு விழுந்துவிட்டது. வலது கண் உலர் வகை, பார்வை 6/9, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 9 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை அவர் 6 மீற்றரில் வாசிப்பார். கட்டத் தாளை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு பார்த்து வந்தார். ஒரு வியாழக்கிழமை நடுப்புள்ளிக்குக் கீழே, வலப் பக்கமாக இரண்டு கோடு அலை போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், அப்படியேதான். மறுநாளும் அப்படியே. சனிக்கிழமை டொக்டரிடம் போய்விட்டார். பார்வை 6/18க்கு இறங்கியிருந்தது, ஸ்கேனில் மக்குலாவுக்குக் கீழே நீர். அந்தக் கிழமையே முதல் ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு நீர் வற்றி, பார்வை மீண்டும் 6/9. இடைவெளி ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்று போய்ப் பத்துக்கு வந்தபோது ஸ்கேனில் மறுபடி கொஞ்சம் நீர். அவருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, படம்தான் காட்டியது. திரும்ப எட்டுக்கு வந்தார், அதிலேயே நின்றது. உங்கள் அம்மாவின் எண் எட்டாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். அது கண்ணுக்குக் கண் வேறுபடும். "இப்போது நன்றாகத் தெரிகிறதே, இந்த முறை விடுவோம்" என்ற எண்ணம் வரும் இடம் இதுதான். நன்றாகத் தெரிவது ஊசி வேலை செய்வதால்தான்.

இனி வலது கண்ணும் கட்டத் தாளும். உங்கள் வீட்டில் இனிப் பார்வைக்கு மிக முக்கியமான கண் அதுதான். ஒரு கண்ணில் ஈர வகை வந்தவருக்கு மற்றக் கண்ணிலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். சுவிஸ் நாட்டுக் கண் மருத்துவர் மார்க் அம்ஸ்லர் வகுத்த தாள் இது. பத்து சென்ரிமீற்றர் சதுரம், அதற்குள் ஐந்து மில்லிமீற்றர்க் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. தந்த தாள் கிழிந்துபோனால் ரூலர் வைத்துக் கறுப்புப் பேனையால் வெள்ளைத் தாளில் கீறிக்கொள்ளலாம். பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பியை எடுப்பதானால் கட்டத்தை அளந்து பாருங்கள், பெரிய கட்டத்தில் சின்ன வளைவு தப்பிவிடும்.

பார்க்கும் முறையில்தான் அதிகம் பிழை நடக்கிறது. அம்மா வாசிக்கும் கண்ணாடியைப் போட்டிருக்க வேண்டும். தாள் கண்ணிலிருந்து 30 சென்ரிமீற்றர், ஒரு பள்ளிக்கூட ரூலர் தூரம். வெளிச்சம் நன்றாக வேண்டும், ஆனால் தாளில் பளிச்சென்று அடிக்கக் கூடாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்த வேண்டும், விரலால் விழியை அழுத்தக் கூடாது, அழுத்தினால் கையை எடுத்த பிறகும் சற்று நேரம் மங்கும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் சோதனையே இல்லை. நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். பலருக்கு ஒரு கண் போனதே தற்செயலாக மற்றதைக் கசக்கும்போதுதான் தெரிய வருகிறது.

பொத்திய பிறகு நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைக் கோடு கோடாக ஓட விட்டால் குறை எந்த இடத்தில் என்று பிடிபடாது. புள்ளியைப் பார்த்தபடியே அவவிடம் கேளுங்கள்: நாலு மூலையும் தெரியுதா? கோடு எங்கேயாவது வளையுதா, உடையுதா? எங்கேயாவது கட்டம் மங்கியிருக்கா, இல்லாமல் போயிருக்கா? முதல் நாள் அவ சொல்வதை அதே இடத்தில் பென்சிலால் கீறி, எந்தக் கண், என்ன திகதி என்று எழுதி வையுங்கள். உலர் கண்ணிலும் லேசான வளைவு முன்பே இருக்கலாம். நமக்கு வேண்டியது மாற்றம். நேற்று இல்லாத வளைவு, நேற்றையதைவிடப் பெரிய மங்கல், புதிய கறுப்புத் திட்டு, இவற்றில் ஒன்று வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை இருக்காமல் உடனே கண் டொக்டருக்கு அறிவியுங்கள். "வலது கண் உலர் வகை, கட்டத்தில் புதிதாகக் கோடு வளைகிறது" என்று அந்தச் சொற்களிலேயே சொன்னால், கேட்பவருக்கு அவசரம் விளங்கும்.

இந்தத் தாளுக்கு ஓர் எல்லை உண்டு. விடுபட்ட இடத்தை மூளை தானாகவே கோடு போட்டு நிரப்பிவிடும். அதனால் கசிவு இருந்தும் சிலருக்குத் தாள் ஒழுங்காகத் தெரியும். அந்த ஆசிரியருக்குப் பத்தாவது கிழமை நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாளில் பிழை தெரிந்தால் ஓடுங்கள், பிழை தெரியவில்லை என்பதற்காகக் கிளினிக்கை விடாதீர்கள். தாளோடு சேர்த்து யன்னல் கம்பி, கதவு நிலை, தரை ஓட்டுக் கோடு இவற்றையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கப் பழக்கினால் நல்லது.

வலது கண்ணுக்கு விட்டமின் குளிசை உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். அம்மாவின் நிலையில், ஒரு கண் ஈர வகை, மற்றது உலர் என்றால், விட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டீன், சியாசாந்தீன் சேர்ந்த குறிப்பிட்ட கலவை ஒன்று முற்றிப்போகும் வாய்ப்பைக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைக்கும் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருக்கிற பார்வையை அது கூட்டாது. கடையில் "கண்ணுக்கு நல்லது" என்று விற்கும் எல்லாமும் அந்தக் கலவை அல்ல, டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டில் யாராவது புகைத்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். கீரை, முருங்கையிலை, மீன் தாராளமாகச் சாப்பிடட்டும்.

ஊசிக்குப் பிறகு எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போகும். அன்று மாலை கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தும், நீர் வடியும். அது பெரும்பாலும் அயடினின் வேலை, அடுத்த நாள் தணியும். வெள்ளை விழியில் திட்டாக இரத்தச் சிவப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தோலில் கண்டிப்போவது போல ஒன்றிரண்டு கிழமையில் தானாகக் கரையும். கறுப்பு வட்டங்கள் மிதப்பது மருந்தோடு போன காற்றுக் குமிழி, ஓரிரு நாளில் போய்விடும்.

ஆபத்தானது கண்ணுக்குள் கிருமி தொற்றுவது. மிக அரிது, சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவுதான். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் கண்ணைக் கெடுக்கும். அடையாளம் இதுதான்: முதல் நாள் உறுத்தல் தணிந்து, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மறுபடி நோவு வந்து கூடிக்கொண்டே போகும், கண் சிவக்கும், வெளிச்சம் தாங்காது, பார்வை புகை மூடியது போல் இறங்கும். திடீரென்று மின்னல் வெட்டுவது போல் தெரிவதும், ஒரு பக்கமிருந்து திரை இறங்குவதும் வேறோர் ஆபத்தின் அடையாளம், விழித்திரை கழன்றிருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் நடு இரவானாலும் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம் என்று விடிய விடாதீர்கள். கொழும்பிலோ வேறு ஊரிலோ போட்டுவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்புவதானால், புறப்படும் முன்பே ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இப்படி வந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, பக்கத்தில் எங்கே போவது. என்ன மருந்து, எந்தக் கண், எந்தத் திகதி என்ற துண்டும் கையில் இருக்கட்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடட்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. சில நாளைக்குக் கழுத்துக்குக் கீழே குளித்தால் போதும். அந்தக் கிழமையில் கன்னியாக் கிணற்றடியில் தலைக்கு வார்ப்பதும் கடலில் குளிப்பதும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்பவர்கள் குறைவு. இடது கண்ணின் நடுப்பார்வை குறைந்தாலும் பக்கப்பார்வை நிற்கும், அம்மா வீட்டுக்குள் நடமாடுவா, எல்லாம் இருண்டுவிடாது. ஆனால் நடுப்பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத பூக்கள், கோலங்கள், சின்ன மனிதர்கள் கூடத் தெரிவதுண்டு. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயந்து வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் வீட்டார் பேய் பிசாசு என்று கயிறு கட்ட ஓடுவார்கள். பார்வை வராத இடத்தை மூளை தன் படங்களால் நிரப்புவதுதான் அது. சார்ல்ஸ் பொனே நிலை என்பார்கள். அம்மா அப்படி ஏதும் சொன்னால் பதறாமல் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கண்ணை நாலு தடவை இமைத்து, விளக்கைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், பலருக்கு மறைந்துவிடும். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமும் சொல்லி வையுங்கள்.